pH கணக்குகள்: பயிற்சித்தாள் 4

பன்னிரண்டாம் வகுப்பு, வேதியியல். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் நோட்டுகளை வாங்கிக்கொள்வேன். விடைகள் கடைசியில் இருக்கின்றன. அவற்றை முதலில் பார்த்தாலும் பரவாயில்லை, வழிமுறை இல்லாத விடைக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது.

எல்லாக் கணக்கும் 25°C வெப்பநிலையில். Kw = 1.0 × 10⁻¹⁴. அசிட்டிக் அமிலத்தின் Ka = 1.8 × 10⁻⁵ (pKa = 4.74), ஃபார்மிக் அமிலத்தின் Ka = 1.8 × 10⁻⁴. log 2 = 0.30, log 3 = 0.48, log 5 = 0.70. விடையை இரண்டு தசம இடங்களுக்குத் தரவும்.

சூத்திரத்தைத் தேடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கலந்து முடித்த பிறகு குடுவைக்குள் என்னென்ன இருக்கிறது? வலிமை மிகு அமிலம் மீதி இருக்கிறதா, வலிமை குறைந்த அமிலம் தனியாக இருக்கிறதா, அல்லது அமிலமும் அதன் உப்பும் சேர்ந்து இருக்கின்றனவா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் எந்தச் சூத்திரம் என்பது தானாகத் தெரியும். போன தேர்வில் பலருக்கு மதிப்பெண் போனது மடக்கையில் இல்லை, இந்த இடத்தில்தான்.

பகுதி அ: வலிமை மிகு அமிலங்கள்

இவை முழுவதும் பிரிகையுறும். அதனால் அமிலத்தின் செறிவே [H₃O⁺]. pH = −log[H₃O⁺].

1. 0.002 M HCl கரைசலின் pH என்ன?

2. 0.0005 M H₂SO₄ கரைசலின் pH என்ன? இரண்டு புரோட்டான்களும் முழுவதும் பிரிந்துவிட்டதாகக் கொள்க. (இவ்வளவு நீர்த்த கரைசலில் இது ஏறக்குறைய உண்மை. 0.1 M கந்தக அமிலத்துக்கு இப்படிச் செய்யக் கூடாது, அங்கே HSO₄⁻ பெரும்பகுதி பிரியாமல் நிற்கும்.)

3. 50 மி.லி. 0.1 M HCl உடன் 30 மி.லி. 0.1 M NaOH சேர்க்கப்படுகிறது. pH என்ன? மொத்தக் கனஅளவு இப்போது 80 மி.லி. என்பதை மறக்காதீர்கள்.

4. pH 2 உள்ள HCl கரைசலும் pH 4 உள்ள HCl கரைசலும் சம கனஅளவில் கலக்கப்படுகின்றன. pH 3 என்று ஒரு மாணவர் எழுதுகிறார். அது ஏன் தவறு? சரியான pH என்ன?

5. 10⁻⁸ M HCl. இதை நானே செய்து காட்டுகிறேன். சூத்திரத்தில் நேராகப் போட்டால் pH = 8 என்று வரும். தண்ணீரில் அமிலம் ஊற்றினால் காரத்தன்மை வருமா? வராது. நீரிலிருந்து வரும் H₃O⁺ஐ நாம் விட்டுவிட்டோம். வழக்கமாக அது மிகச் சிறியது, இங்கே அமிலம் தருவதைவிட அதுதான் அதிகம்.

[H₃O⁺] = h என்க. மின்சுமைகள் சமமாக இருக்க வேண்டும் என்பதால்
h = 10⁻⁸ + 10⁻¹⁴/h
h² − 10⁻⁸h − 10⁻¹⁴ = 0
h = 1.05 × 10⁻⁷, pH = 6.98

ஏழுக்குச் சற்றுக் கீழே. இதே முறையில் 10⁻⁷ M HCl கரைசலின் pH கண்டுபிடியுங்கள்.

பகுதி ஆ: வலிமை குறைந்த அமிலங்கள்

இங்கே அமிலத்தில் ஒரு சிறு பகுதிதான் பிரிகிறது. C செறிவுள்ள HA அமிலத்தில் x அளவு பிரிந்தால்

Ka = x²/(C − x)

x மிகச் சிறியது என்றால் C − x ≈ C, x = √(KaC). இந்தத் தோராயத்தை எப்போதும் செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். x கிடைத்ததும் அது C-இல் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 5%க்குள் இருந்தால் சரி. தாண்டினால் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தே ஆக வேண்டும்.

மாதிரி: 0.1 M அசிட்டிக் அமிலம்.
x = √(1.8 × 10⁻⁶) = 1.34 × 10⁻³
1.34% மட்டுமே பிரிந்திருக்கிறது, தோராயம் செல்லும். pH = 2.87. இதே செறிவுள்ள HCl-க்கு pH 1 என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. 0.001 M அசிட்டிக் அமிலத்தின் pH-ஐத் தோராயத்தோடும் இல்லாமலும் கணக்கிடுக. பிரிகை வீதம் எத்தனை சதவீதம்? நூறு மடங்கு நீர்த்ததும் அது ஏன் கூடியது என்று ஆஸ்வால்ட் நீர்த்தல் விதியைக் கொண்டு விளக்குக.

7. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலத்தை நீர்த்துப் பயன்படுத்துவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 0.02 M ஃபார்மிக் அமிலத்தின் pH என்ன? 5% சோதனையைக் கட்டாயம் செய்யவும்.

8. ஒற்றைப் புரோட்டான் உள்ள ஓர் அமிலத்தின் 0.05 M கரைசலுக்கு pH 3.00. அதன் Ka என்ன?

9. 0.001 M HCl-க்கு உள்ள அதே pH வேண்டும் என்றால் அசிட்டிக் அமிலத்தின் செறிவு எவ்வளவு இருக்க வேண்டும்?

பகுதி இ: தாங்கல் கரைசல்கள்

ஹென்டர்சன் – ஹேசல்பாக் சமன்பாடு:
pH = pKa + log([உப்பு]/[அமிலம்])

இரண்டும் ஒரே குடுவையில் இருப்பதால் செறிவு விகிதமும் மோல் விகிதமும் ஒன்றே. எனவே மில்லிமோலில் கணக்குப் போடுங்கள், கனஅளவால் வகுக்கும் வேலை மிச்சம்.

மாதிரி: 100 மி.லி. 0.2 M அசிட்டிக் அமிலமும் 100 மி.லி. 0.3 M சோடியம் அசிட்டேட்டும் கலக்கப்படுகின்றன. அமிலம் 20, உப்பு 30 மில்லிமோல்.
pH = 4.74 + log 1.5 = 4.92

இதில் 10 மி.லி. 0.1 M HCl சேர்க்கிறோம். வந்த 1 மில்லிமோல் H₃O⁺ஐ அசிட்டேட் அயனி பிடித்துக்கொள்கிறது. உப்பு 29, அமிலம் 21. pH = 4.74 + log(29/21) = 4.88. வெறும் 0.04 இறக்கம். இதே அமிலத்தை 200 மி.லி. தூய நீரில் ஊற்றியிருந்தால் pH 7-லிருந்து 2.32-க்குப் போயிருக்கும். தாங்கல் என்ற சொல்லுக்குப் பொருள் இந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தில் இருக்கிறது.

10. மேலே உள்ள தொடக்கக் கரைசலில் HCl-க்குப் பதிலாக 10 மி.லி. 0.1 M NaOH சேர்த்தால் pH என்ன?

11. 50 மி.லி. 0.2 M அசிட்டிக் அமிலத்தோடு 20 மி.லி. 0.2 M NaOH சேர்க்கப்படுகிறது. உப்பு எதையும் தனியாகப் போடவில்லையே, பிறகு எப்படி இது தாங்கல் கரைசல் ஆகிறது? pH கணக்கிடுக.

12. 500 மி.லி. 0.1 M அசிட்டிக் அமிலத்தில் எத்தனை கிராம் நீரற்ற சோடியம் அசிட்டேட்டைக் கரைத்தால் pH 5.04 ஆகும்? (மோலார் நிறை 82 கி./மோல், கனஅளவு மாறவில்லை எனக் கொள்க.)

13. இரத்தத்தில் பைகார்பனேட் 24 மில்லிமோலார், கரைந்த CO₂ 1.2 மில்லிமோலார், இந்த இணையின் pKa 6.10. இரத்தத்தின் pH என்ன? CO₂ அப்படியே இருக்க, பைகார்பனேட் பாதியாகக் குறைந்தால் pH எவ்வளவு?

14. 25 மி.லி. 0.2 M அசிட்டிக் அமிலத்தோடு 50 மி.லி. 0.1 M NaOH. இங்கே ஹென்டர்சன் சமன்பாட்டைப் பயன்படுத்தலாமா? கரைசல் அமிலத்தன்மை உள்ளதா, காரத்தன்மை உள்ளதா?

விடைகள்

1) 2.70
2) 3.00
3) 1.60
4) 2.30. கூட்டிச் சராசரி எடுக்க வேண்டியது செறிவை, மடக்கையை அல்ல
5) 6.79
6) தோராயத்தில் 3.87, சரியாக 3.90, 12.5%
7) 2.74. தோராயத்தில் 9.5% வருவதால் அது செல்லாது
8) 2.04 × 10⁻⁵
9) 0.057 M
10) 4.95
11) 4.56. NaOH அமிலத்தின் ஒரு பகுதியை உப்பாக மாற்றிவிடுகிறது
12) 8.2 கி.
13) 7.40, 7.10
14) கூடாது. அமிலம் முழுவதும் தீர்ந்து உப்பு மட்டும் இருக்கிறது. அசிட்டேட் நீராற்பகுப்பு அடைவதால் கரைசல் காரத்தன்மை உடையது