மூலைக்கு மூலை

"முழுசா இறுக்காத வளரு. விரலால சுத்துற அளவு போதும்."

வளர்மதி வாஷரைப் போட்டு நட்டைத் திருகினாள். சாலையோரத்தில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில், ஓட்டை போட்ட ஆங்கிள் கம்பிகள் சட்டமாக நின்றன. அகலம் 8 அடி, ஆழம் 6 அடி. மாமா வேலை பார்க்கும் குடோன் ரேக் பட்டறையில் மிச்சமான கம்பிகள். எடை போட்டு வாங்கி வந்திருந்தார்.

முன்பு சவுக்குக் கம்பும் தார்ப்பாயும்தான் கடை. ஆடிக் காற்று ஒரே இரவில் அதைச் சாய்த்துவிட்டது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொண்ட ரவிக்கைகள் வெட்டினபடியே கிடக்க, அம்மா வீட்டுத் திண்ணையில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடி வீட்டைத் தேடி யார் வருவார்கள்? பழைய ஆட்கள் மட்டும் வந்தார்கள்.

"வெல்டு வச்சிருந்தா அரை நாள்ல முடிஞ்சிருக்கும்ல மாமா?"

"முடிஞ்சிருக்கும். நாளைக்கு ரோடு போடுறோம், எடுன்னு சொன்னா? போல்ட்டைக் கழட்டி குட்டியானைல ஏத்திரலாம். வெல்டு வச்சதை அறுக்கத்தான் வேணும்."

மேல் சட்டம் முடிந்ததும் மாமா டேப்பின் நுனியை அவளிடம் கொடுத்து ஸ்டூலில் ஏறச் சொன்னார். மூலைக்கு மூலை அளந்தார்கள். ஒரு பக்கம் 10 அடி 2 அங்குலம், மறுபக்கம் 9 அடி 10 அங்குலம்.

"எட்டுக்கு ஆறுன்னா குறுக்க சரியா பத்து வரணும். ரெண்டு பக்கமும் பத்து. இப்ப தெரியுதா, ஏன் இறுக்க வேணாம்னேன்னு?"

நீளமாக இருந்த மூலையில் மாமா உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். ஓட்டைகளுக்குள் போல்ட்டுகள் நகர்ந்தன. மறுபடி அளந்தபோது இரண்டும் 10 அடி. அப்புறம்தான் 13-ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். அவர் போல்ட்டின் தலையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள, இன்னொன்றால் அவள் நட்டை இறுக்கினாள். கை சிவந்தது. விடவில்லை.

பின்பக்கமும் இரண்டு விலாவும் சுலபமாக முடிந்தன. குறுக்கே எக்ஸ் மாதிரி பட்டைக் கம்பி போட்டதும் அசையாமல் நின்றன. முன்பக்கக் காலைப் பிடித்து மாமா ஆட்டினார். வாசல் மட்டும் இடமும் வலமுமாகச் சாய்ந்து வந்தது. இன்னும் ஒரு சுற்று இறுக்கிப் பார்த்தார். அப்போதும் ஆடியது.

"இங்கயும் எக்ஸ் போட்டா நிக்கும். ஆனா அக்கா எப்படி உள்ள போறது?" பீடியைப் பற்றவைக்காமலே விரலிடுக்கில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

வளர்மதியும் காலை ஆட்டிப் பார்த்தாள். கம்பி எதுவும் வளையவில்லை, மூலைகள்தான் கோணின. கிராஸாக இழுத்த துணி இப்படித்தான் கொடுக்கும். அம்மா அதற்கு என்ன செய்வாள் என்று நினைத்தபோது அவளுக்குச் சுடிதார் ஞாபகம் வந்தது.

"மாமா, சுடிதார்ல ஸ்லிட் ஆரம்பிக்கிற இடம் கிழியும்னு அம்மா அங்க மட்டும் சின்னதா முக்கோணத் துணி வச்சுத் தைக்கும். ஸ்லிட்டு திறந்தேதான இருக்கு? அதே மாதிரி மேல் மூலையில மட்டும் சாய்ச்சு ஒரு துண்டு போட்டா?"

மாமா மூலையைப் பார்த்தார். பீடியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஹேக்சாவைத் தேடினார்.

"எவ்வளவு நீளம் வெட்ட?"

அவர் தன்னிடம் கேட்கிறார் என்பது அவளுக்கு உடனே உறைக்கவில்லை.

"அம்மா தலை இடிக்கக் கூடாது," என்றாள். காலோடு ஒட்டி நின்று, அம்மா உயரத்துக்குக் கையைத் தூக்கி, அதற்கும் மேலே ஒரு சாண் விட்டுக் காட்டினாள். "இதுக்குக் கீழ வராத மாதிரி."

மாமா அளந்தார். ஒன்றரை அடித் துண்டு சரியாக இருந்தது. இரண்டு துண்டு வெட்டி, முனைகளை அரத்தால் தேய்த்து, இரண்டு மூலையிலும் சாய்வாக வைத்துப் பூட்டினார்கள். இந்த முறை நட்டை இறுக்கியது வளர்மதி இல்லை என்றாலும், எந்த ஓட்டையில் மாட்டுவது என்று சொன்னது அவள்தான். மாமா முழு பலத்தோடு உலுக்கினார். சட்டம் கொஞ்சம் அதிர்ந்தது, சாயவில்லை.

"சொன்னா சொன்னபடி நிக்குதே!" என்று சத்தமாகவே சொன்னார். எதிரே டீக்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தகரம் வர மறுநாள் ஆகும். அதற்குள் அம்மா வந்துவிட்டாள், கையில் இஞ்ச் டேப்போடு.

"கூரை போடலக்கா, வெயில் அடிக்கும்."

"அடிச்சிட்டுப் போகுது. வெள்ளிக்கிழமைக்கு ஆறு ரவிக்கை குடுக்கணும். மெஷினைத் தூக்கிட்டு வாங்க."

மாமா ஒரு பக்கமும் வளர்மதி மறுபக்கமுமாக மெஷினைத் தூக்கி வந்து வாசலுக்கு நேராக இறக்கினார்கள். அம்மா உட்கார்ந்து காலால் மிதித்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் இடப்பக்கம் தள்ளு. ஊசி மேல நிழல் விழுது."