நெத்தலிக் கருவாட்டுப் பக்கம்: பழைய பந்தியும் புதிய எழுத்தும்

சின்னம்மா,

உங்கட கருவாட்டுக் கடையின்ர இணையத்தில இருக்கிற நெத்தலிப் பக்கத்தை மாத்தி எழுதியிட்டன். முதல்ல உங்கட பழைய பந்தியை அப்பிடியே வைக்கிறன், ஒரு எழுத்தும் மாத்தேல்ல. அதுக்குக் கீழ புதுசு. கடைசியில தம்பிக்கு ரெண்டு வரி, உங்களுக்கு ரெண்டு கேள்வி.

பழையது

"திருகோணமலையின் நீலக் கடலிலிருந்து நேரடியாகப் பெறப்பட்டு பாரம்பரிய முறையில் சூரிய ஒளியில் உலர்த்தப்பட்ட எமது நெத்தலிக் கருவாடானது சுத்தம், சுவை, தரம் ஆகிய மூன்றிலும் முன்னணியில் திகழ்வதுடன் எவ்வித இரசாயனமும் சேர்க்கப்படாது உப்பு சேர்க்காமல் தயாரிக்கப்படுவதாலும் மணலில் போடாது எழும்பிய தட்டிகளின் மேல் வலை விரித்து உலர்த்தப்படுவதாலும் தலை நீக்கப்பட்டு (தலையுடன் வேண்டுவோர் முன்கூட்டியே அறிவிக்கவும்) 250 கிராம், 500 கிராம், 1 கிலோ ஆகிய அளவுகளில் முறையே ரூ. 480, ரூ. 920, ரூ. 1,780 எனும் விலைகளில் இரட்டைப் பொதியிட்டு மணம் வெளியே வராதவாறு நாடளாவிய ரீதியில் 2 தொடக்கம் 4 வேலை நாட்களுக்குள் அனுப்பி வைக்கப்படுவதோடு குளிரூட்டியின் உறைபகுதியில் 6 மாதங்கள் வரையும் வெளியில் காற்றுப்புகாத போத்தலில் 1 மாதம் வரையும் வைத்திருக்கலாம் என்பதுடன் குறைந்த உப்பில் பதப்படுத்தப்படுவதால் சமைக்கும் முன் 10 நிமிடம் நீரில் ஊறவைத்தால் போதுமானது. இதிலுள்ள கல்சியம் எலும்புத் தேய்மானம், இரத்த அழுத்தம் என்பவற்றைப் போக்க வல்லது. சொதி, பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு முதலானவற்றுக்கு உகந்தது. மழைக்காலத்தில் கையிருப்பு மட்டுப்படுத்தப்பட்டதாகும். கையில் எடுத்து வளைத்தால் நெத்தலி டிக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்பதே எமது கணக்கு."

புதியது

## நெத்தலிக் கருவாடு: தலை கிள்ளியது, மணல் இல்லாதது

சல்லிக் கரையில் கரைவலையில் வரும் நெத்தலி. அன்றன்றே கழுவி, வெயிலில் மட்டும் காயவைக்கிறோம்.

எங்கள் கணக்கு இதுதான்: கையில் எடுத்து வளைத்தால் டிக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில்.

### விலை

- 250 கிராம்: ரூ. 480
- 500 கிராம்: ரூ. 920
- 1 கிலோ: ரூ. 1,780

### மணல் கடிக்காது

- தட்டியில் காய்ந்தது. இடுப்பளவு உயரத் தட்டியில் வலை விரித்துப் போடுகிறோம். கடற்கரை மணலில் போடுவதே இல்லை.
- தலை கிள்ளித்தான் வரும். தலையோடு வேண்டுமென்றால் 3 நாள் முன்னர் சொல்லுங்கள்.

### உப்பு எவ்வளவு?

உப்புத் தூவுவதில்லை. கடல் தண்ணீரில் கழுவுவதால் கொஞ்சம் உப்பு இருக்கவே செய்யும். 10 நிமிடம் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் அதிலும் ஒரு பகுதி போய்விடும். உப்புக் குறைத்துச் சாப்பிடச் சொல்லப்பட்டவர்கள் ஒருமுறை தண்ணீரை மாற்றி, இன்னும் 10 நிமிடம் வையுங்கள்; கறிக்கும் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்.

இரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை.

### எத்தனை நாள் வைக்கலாம்?

- உறைபெட்டியில்: 6 மாதம்
- வெளியில், மூடி இறுகிய போத்தலில்: 1 மாதம்
- ஈரக் கரண்டி வேண்டாம். ஒரு துளி ஈரம் பட்டாலும் பூஞ்சணம் பிடிக்கும்.

### பொதி மணக்குமா?

இரண்டு பையில் கட்டி, மேலே மட்டைப் பெட்டி போட்டு அனுப்புகிறோம். கந்தோர் முகவரிக்கு வரவழைக்கிறவர்களும் பயப்படத் தேவையில்லை. இலங்கை முழுக்க 2 முதல் 4 வேலை நாளில் வந்து சேரும்.

### சமையல்

சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலையோடு பொரித்தால் புட்டுக்கும் பருப்புக்கும் வேறு எதுவும் வேண்டாம். தேங்காய்ப்பால் சொதிக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் நல்லது. முள்ளோடு சாப்பிடுகிற சின்ன மீன் என்பதால் கல்சியமும் சேரும்.

### கார்த்திகை, மார்கழி, தை

இந்த மாதங்களில் மழையும் கடல் கொந்தளிப்பும். மீனும் குறைவு, வெயிலும் குறைவு. கையில் இருப்பது முடிந்தால் பக்கத்தில் "இல்லை" என்று போட்டுவிடுவோம். அரைகுறையாகக் காய்ந்ததை அனுப்ப மாட்டோம்.

மீன், இறால், கணவாய் ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்கவும்: இது மீன் பண்டம். சின்ன இறால், கணவாய்க் குஞ்சுகள் தப்பித் தவறிக் கலந்திருக்கலாம்.

---

இனி நான் ஏன் இப்பிடிச் செய்தன் எண்டு.

போன கிழமை உங்கட வீட்டுக்கு வந்திருந்தனே, அண்டைக்கு போன் எத்தனை தரம் அடிச்சது? ஒருத்தர் உப்போ எண்டு கேட்டார். கொழும்பில இருந்து ஒரு பிள்ளை மணல் இருக்கோ எண்டு கேட்டவ. இன்னொருத்தருக்கு பொதி மணத்தால கந்தோரில வெக்கமாப் போகுமோ எண்டு பயம். மூண்டுக்கும் விடை பந்தியிலேயே இருக்கு. ஆரும் அதை வாசிக்கேல்ல, அவ்வளவுதான். அதால அவையள் கேட்ட கேள்வியளையே தலைப்பாப் போட்டிட்டன். "எமது தரம்", "சிறப்பம்சங்கள்" எண்டு தலைப்பு வைச்சா அதைத் தேடி ஒருத்தரும் வரமாட்டினம்.

எழுதி முடிச்ச பிறகு அம்மான்ர கையில போனைக் குடுத்து, பழைய பக்கத்தில "எத்தனை மாதம் வைக்கலாம்" எண்டு கண்டுபிடிக்கச் சொன்னன். கண்ணாடியைப் போட்டா, விரலால மேலையும் கீழையும் தள்ளினா, கடைசியில "நீயே சொல்லு பிள்ளை" எண்டிட்டா. புதுசில தலைப்புத் தட்டுப்பட்ட உடன "ஆறு மாதமோ" எண்டா. எனக்கு அது போதும்.

எல்லாத்தையும் புள்ளி வைச்சு உடைக்கேல்ல, கவனிச்சிருப்பியள். விலை, நாள் கணக்கு மாதிரி எண்ணிப் பாக்கிறதுகள் புள்ளிக்கு வந்தது. உப்பு விசயத்துக்கு "ஆனால்", "அதால" எண்டு ஒண்டோட ஒண்டு தொடுப்பு இருக்கு, அதைப் புள்ளியாக்கினா அந்தத் தொடுப்பு அறுந்துபோகும். சமையலும் அப்பிடித்தான். புள்ளி போட்ட வரிகளில முதல் சொல்லே விசயமா இருக்கோணும் எண்டு பாத்திருக்கிறன். போனில தள்ளிக்கொண்டு போறவையின்ர கண் இடப்பக்கத்து ரெண்டு மூண்டு சொல்லிலதான் கூடுதலாப் படும்.

"டிக்கெண்டு முறிய வேண்டும்" எண்ட உங்கட வரி பந்தியின்ர அடியில கிடந்தது. அதுதான் முழுப் பக்கத்திலையும் உங்கட குரல். மற்றதெல்லாம் எந்தக் கருவாட்டுக் கடையும் எழுதும். மேல கொண்டுவந்து தனியா விட்டிருக்கிறன், தயவுசெய்து அதை மட்டும் நகத்த வேண்டாம்.

எடுத்துப்போட்டதுகள்: "நீலக் கடல்", "முன்னணியில் திகழ்வது", பிறகு அந்த எலும்புத் தேய்மானம், இரத்த அழுத்தம். கோவிக்காதேங்கோ. சாப்பாட்டுச் சாமான் நோய் தீர்க்கும் எண்டு எழுதி விக்கக் கூடாது. அதுக்கு மேல, கருவாடு பிறஷரைக் குறைக்கும் எண்டு சொன்னா டொக்டர்மார் சிரிப்பினம்.

இன்னொண்டு. ஒரே பந்தியில ஓரிடத்தில "உப்பு சேர்க்காமல்", இன்னொரு இடத்தில "குறைந்த உப்பில்". நீளமான வசனத்துக்குள்ள ரெண்டும் தூரத் தூர இருந்ததால ஆருக்கும் தெரியேல்ல. துண்டு துண்டா எடுத்து "உப்பு" எண்ட தலைப்புக்குக் கீழ வைச்சவுடன ஒண்டை ஒண்டு முறைச்சுப் பாத்துக்கொண்டு நிண்டுது. சித்தப்பாவுக்கு அடிச்சுக் கேட்டன். "கச்சான் காத்து அடிக்கேக்க உப்பெதுக்கு, கடல் தண்ணியில கழுவிப் போட்டாக் காணும்" எண்டார். அதைத்தான் எழுதியிருக்கிறன். ஒவ்வாமை வரியும் அவர் சொல்லித்தான். வலையில இறால் குஞ்சு வாறது உண்மைதானாம்.

தம்பிக்கு: புள்ளியளை நீயா "•" எண்டு அடிச்சு, வெளி விட்டு அமைக்காத. போனில வரி மடங்கேக்க ரெண்டாம் வரி புள்ளிக்குக் கீழ போய் விழுந்து அசிங்கமா நிக்கும். உண்மையான பட்டியலாப் போடு:

```html
<h2>மணல் கடிக்காது</h2>
<ul>
  <li><strong>தட்டியில் காய்ந்தது.</strong> இடுப்பளவு உயரத் தட்டியில் வலை விரித்துப் போடுகிறோம்.</li>
  <li><strong>தலை கிள்ளித்தான் வரும்.</strong></li>
</ul>
```

பண்டத்தின்ர பேரை உங்கட கடைப் பக்கம் தானாவே `h1` ஆப் போடுது, அதால உள்தலைப்பு எல்லாம் `h2`. எழுத்தைப் பெருசாக்கி, தடிப்பாக்கி "தலைப்பு மாதிரி" காட்டினாக் காணாது. கண் பார்வை இல்லாதவைக்கு பக்கத்தை வாசிச்சுக் காட்டிற செயலி தலைப்புத் தலைப்பாத் தாவிப் போக விடும், பட்டியல் வந்தா அதில எத்தனை உருப்படி எண்டும் முதலே சொல்லும். வெறும் தடிப்பு எழுத்தை அது தலைப்பா எடுக்காது.

சின்னம்மா, உங்களிட்டக் கேக்க ரெண்டு விசயம். தலையோட கேக்கிறவை "முன்கூட்டியே" சொல்லோணும் எண்டு மட்டும் இருந்தது. 3 நாள் எண்டு நானாப் போட்டிருக்கிறன், காணாட்டிச் சொல்லுங்கோ. மற்றது, கீரி மீன் கருவாட்டுப் பக்கத்திலையும் இதே பந்தியைத்தான் பேரை மட்டும் மாத்தி ஒட்டியிருக்கிறியள். அதில "தலை நீக்கப்பட்டு" எண்டு கிடக்கு. கீரிக்குத் தலை எடுக்கிறனீங்களோ?