தொப்பை குறைய, வெயிட் தூக்க: உனக்கு 12 வாரத் திட்டம்

மச்சான்,

டீக்கடையில் கேட்டாயே, எழுதிவிட்டேன். பிரிண்ட் எடுத்து ஜிம் பையில் போட்டுக்கொள். நீ சொன்ன கணக்கையே வைத்திருக்கிறேன்: வயது 37, உயரம் 171 செ.மீ, எடை 84 கிலோ, தொப்புளுக்கு நேரே சுற்றளவு 101 செ.மீ. இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினாலே சர்க்கரை, இதய நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். 12 வாரத்தில் நீ 90-க்கு வந்துவிட மாட்டாய். 95 வந்தால் நல்ல வேலை. எடை ஐந்தாறு கிலோ இறங்கும்.

தொடங்குவதற்கு முன் ஒரு வேலை. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, உனக்கும் நாற்பது நெருங்குகிறது. இந்த வாரமே ரத்தச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடு. ஏதாவது கூடுதலாக இருந்தால் டாக்டரிடம் பேசிவிட்டு வா, திட்டம் எங்கும் ஓடிப்போகாது.

இன்னொன்று. கிரஞ்சஸ் அடித்தால் தொப்பை கரையாது. நானே மூன்று மாதம் தினம் 200 அடித்தேன், கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்க வழியில்லை. சாப்பாடு கொஞ்சம் குறைந்தால் உடம்பு முழுக்கக் கொழுப்பு இறங்கும், வயிறும் அதோடு சேர்ந்துதான் இறங்கும். வெயிட் தூக்குவது எதற்கென்றால், எடை குறையும்போது தசையும் சேர்ந்து போய்விடாமல் இருக்க. ஆகவே தொப்பை உன் தட்டில் குறையும், தோள் ஜிம்மில் ஏறும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

சாப்பாடு

பட்டினி வேண்டாம். ஒரு நாளைக்கு 1,900 கலோரி, புரதம் 110 முதல் 120 கிராம். எடை போடும் தராசு ஒன்று வாங்கி முதல் இரண்டு வாரம் மட்டும் அளந்து பார். அதற்குப் பிறகு கண்ணே அளந்துவிடும்.

காலை: மூன்று இட்லி, நிறைய சாம்பார், மூன்று முட்டை. தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டியோடு நிற்கட்டும்.
மதியம்: சமைத்த சோறு ஒரு கப், பொரியல் இரண்டு கப், பருப்பு, 150 கிராம் கோழி அல்லது மீன், ஒரு கிண்ணம் தயிர்.
மாலை: ஒரு கப் சுண்டல். ஆபீஸ் வாசல் போண்டாவுக்குப் பதில் இதுதான்.
இரவு: இரண்டு சப்பாத்தி, 50 கிராம் சோயா உருண்டை போட்ட குருமா. சோயாவை ஊறவைக்கும் முன்பே எடை போடு, அதில் மட்டும் 26 கிராம் புரதம் இருக்கிறது. பிடிக்காத நாளில் கோழி.

செவ்வாய், வெள்ளி வீட்டில் கறி கிடையாது என்று தெரியும். அன்று மதியம் 100 கிராம் பனீர், எண்ணெய் குறைத்துச் செய்யச் சொல். அப்படியும் புரதம் எட்டவில்லையென்றால் ஒரு ஸ்கூப் வே பவுடர் போதும். ஜிம்மில் யாராவது ஃபேட் பர்னர் விற்க வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு.

நீ கவனிக்காத கலோரி இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒன்று எண்ணெய்: ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி. வீட்டில் தோசைக்கு எண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று ஒருநாள் நின்று பார். இரண்டாவது டீ: நாளைக்கு ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. டீயை இரண்டாக்கு, சர்க்கரையைப் பாதியாக்கு. சனிக்கிழமை பீர் வேண்டுமென்றால் ஒன்று, கூட மிக்சர் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனால் இலையில் உட்கார்ந்து சாப்பிடு, அடுத்த வேளையிலிருந்து திட்டத்துக்குத் திரும்பு. மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டாதே.

தூக்குவது

திங்கள், புதன், வெள்ளி. இரண்டு பயிற்சிகள், மாறி மாறி. முதல் வாரம் அ, ஆ, அ. அடுத்த வாரம் ஆ, அ, ஆ. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

அ: ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், சீட்டட் ரோ. மூன்றும் 3 செட், 8 ரெப், அதாவது எட்டு முறை விடாமல் செய்தால் ஒரு செட். கடைசியில் பிளாங்க் 30 விநாடி, மூன்று முறை.
ஆ: டெட்லிஃப்ட் 3 செட், 5 ரெப். ஷோல்டர் பிரஸ் டம்பெல்லில் 3 செட், 8 ரெப். லேட் புல்டவுன் 3 செட், 10 ரெப். கடைசியில் இரண்டு கையிலும் கனமான டம்பெல் பிடித்து ஜிம்மை மூன்று சுற்று நடை.

செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. போனை எடுத்தால் அது ஆறு நிமிடமாகிவிடும், பையிலேயே இருக்கட்டும்.

1, 2-ஆம் வாரம்: பழக மட்டும். ஸ்குவாட்டுக்கு 8 கிலோ டம்பெல்லை மார்போடு பிடித்து உட்கார்ந்து எழு. பெஞ்சுக்கு வெறும் பார். சரியான பார் 20 கிலோ. சில ஜிம்மில் அதைவிட லேசான பாரும் இருக்கும், கேட்டுக்கொள். டெட்லிஃப்ட் 30 கிலோ. சின்ன பிளேட் மாட்டினால் பார் தரையோடு கிடக்கும், குனிகிற குனியில் முதுகு வளைந்துவிடும். இரண்டு பக்கமும் அடியில் பிளேட் அடுக்கி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே பார் வருமாறு வை.

3 முதல் 6 வரை: ஸ்குவாட்டை வெறும் பாருக்கு மாற்று. எல்லா செட்டும் முழுதாக முடிந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டு, அதாவது பக்கத்துக்கு 1.25. முடியாவிட்டால் அதே எடை. ஐந்து கிலோவாகத் தாவாதே. நான் ஐந்தாம் வாரம் டெட்லிஃப்ட்டில் பந்தாவாகத் தாவி, பத்து நாள் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் கிடந்தேன்.

7: எல்லா எடையையும் பாதியாக்கு, இரண்டு செட் மட்டும். சும்மா இருப்பதுபோல் தோன்றும். மூட்டுக்கு அது தேவை.

8 முதல் 11 வரை: ஆறாம் வாரம் விட்ட எடையிலிருந்து தொடர். பெஞ்சும் ஷோல்டர் பிரஸ்ஸும்தான் முதலில் அடம்பிடிக்கும். இரண்டு தடவை அதே எடையில் தோற்றால், பத்து சதவீதம் குறைத்து மீண்டும் ஏறு.

12: சோதனை. ஒவ்வொன்றிலும் ஐந்து ரெப் சுத்தமாக வரும் எடை எது என்று பார்த்துக் குறி. ஒரே ரெப் சாகசம் வேண்டாம். என் கணிப்பில் ஸ்குவாட் 45, பெஞ்ச் 40, டெட்லிஃப்ட் 65 பக்கம் வருவாய்.

தசை வலி இரண்டு நாள் இருக்கும், சகஜம். மூட்டிலோ முதுகிலோ குத்தினால் அந்தப் பயிற்சியை அன்றே நிறுத்து. நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் என்றால் ஜிம்மை விட்டு நேரே ஆஸ்பத்திரி.

தூக்காத நாட்களில் 40 நிமிடம் வேக நடை. மழை என்றால் மாடிப்படி. தூக்கம் ஏழு மணி நேரம். நீ இரவு ஒரு மணி வரை கிரிக்கெட் பார்ப்பது இதற்கு ஒத்துவராது.

அளவு

திங்கள், புதன், வெள்ளி காலை வெறும் வயிற்றில் எடை, மூன்றின் சராசரியைக் குறி. ஞாயிறு காலை டேப். முதல் வாரம் ஒன்றரை கிலோ இறங்கினால் துள்ளாதே, பாதிக்கு மேல் தண்ணீர். அப்புறம் வாரம் அரை கிலோ போதும். இரண்டு வாரம் சராசரியும் டேப்பும் அசையவில்லையென்றால் மதியச் சோற்றில் கால் கப் குறை. டேப் இறங்கி எடை நின்றால் எதையும் தொடாதே.

ஒரு நாள் தவறினால் அந்தப் பயிற்சியை அடுத்த நாளில் செய். ஒரு வாரமே தவறினால் அதே வாரத்தைத் திரும்பச் செய். 12 வாரம் 14 ஆனாலும் பரவாயில்லை.

ஞாயிறு இரவுக்குள் எடையையும் டேப் அளவையும் அனுப்பு. திங்கள் காலை 6.15-க்கு ஜிம் வாசலில் நிற்பேன். ஸ்குவாட்டுக்குத் தட்டை அடி ஷூதான் சரி, உன் ஓடும் ஷூவைக் கொண்டு வராதே.