மாடி வீடு: டெபாசிட் தீர்த்த கணக்கு

குடியிருந்த காலம்: 01.06.2022 முதல் 18.03.2025 வரை. காலி செய்வதாக, வாடகைக்கு இருந்தவர் பிப்ரவரி 15 அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒப்பந்தப்படி ஒரு மாத அவகாசம் முடிந்துதான் சாவி வந்தது. அதனால் நோட்டீஸ் காலத்துக்கென்று பிடித்தம் இல்லை.

வரவு

டெபாசிட் 60,000. இதில் 40,000 வங்கி வழியாக 25.05.2022 அன்றும், 20,000 ரொக்கமாக 01.06.2022 அன்றும் வந்தது. ரொக்கத்துக்கு நான் கொடுத்த ரசீதின் நகல் இந்தக் கோப்பில் இருக்கிறது.

முன்வாடகை 11,000. இரண்டையும் "அட்வான்ஸ்" என்றே பேசிப் பழகிவிட்டதால் தனித்தனியாக எழுதுகிறேன். இது கடைசி மாத வாடகைக்காக வாங்கியது, டெபாசிட்டில் சேராது.

மார்ச் வாடகை

வாடகை அப்போது 12,400. 31 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 400. 18 நாளுக்கு 7,200. முன்வாடகையில் இது போக மீதி 3,800, அவருக்கே சேர வேண்டியது.

பிடித்தம்

கடைசி பில்லுக்குப் பிறகு ஓடிய மின்சாரம் 158 யூனிட்: 940. மீட்டரை இருவரும் சேர்ந்து பார்த்துப் படம் எடுத்தோம்.

குளியலறை வாஷ்பேசின் விரிசல். புதிது 2,400, மாட்டும் கூலி 800. உடைந்தது ஐந்து வருடம் பழையது என்பதால் புதிய பேசினின் முழு விலையை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. பாதி விலை 1,200, கூலியோடு 2,000.

படுக்கையறைச் சுவரில் அலமாரிக்காகப் போட்ட 14 துளைகளுக்குப் பட்டி வைத்துப் பூசிய செலவு: 1,200.

மூன்று சாவியில் ஒன்று வரவில்லை. பூட்டு மாற்றியது: 850.

மொத்தப் பிடித்தம் 4,990.

அடித்துவிட்ட வரி

முதலில் பெயின்டுக்கு 6,000 என்று எழுதியிருந்தேன். ஹால் சுவரில் ஜன்னலுக்குக் கீழே உரிந்திருப்பதைப் பார்த்து, ஈரத் துணி போட்டதால் வந்தது என்று நினைத்துவிட்டேன். அவர் குடிவந்த அன்று எடுத்த படத்தைக் காட்டினார். அதே இடத்தில் அப்போதே ஓதம் தெரிகிறது. வெளிச்சுவரிலிருந்து நீர் இறங்குகிறது, அதைச் சரிசெய்ய வேண்டியது நான். மற்ற சுவர்கள் மங்கியிருப்பது இரண்டே முக்கால் வருடம் மனிதர்கள் வாழ்ந்ததால் வந்த தேய்மானம், அதற்குத்தான் மாதாமாதம் வாடகை வாங்கினேன். நேரில் வருத்தம் சொன்னேன், இங்கும் பதிகிறேன். காயில் போன மின்விசிறிக்கும் இதே காரணத்தால் பிடித்தம் இல்லை.

திருப்பியது

60,000 + 3,800 − 4,990 = 58,810.

சாவி வாங்கிய மறுநாள், 19.03.2025 அன்று, 50,000 அனுப்பினேன். புது ஊரில் அவருக்கு டெபாசிட் கட்ட வேண்டியிருந்தது, வேலை முடியட்டும் என்று முழுவதையும் நிறுத்தி வைக்க மனம் வரவில்லை. பிளம்பர், பூட்டு, பூச்சு வேலை ரசீதுகள் கைக்கு வந்ததும் 26.03.2025 அன்று மீதி 8,810 அனுப்பி, ரசீதுகளின் படங்களையும் சேர்த்துக் கொடுத்தேன். முழுத் தொகையும் வந்து சேர்ந்ததாக அன்று மாலையே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். அந்தத் தாள் ஒப்பந்தத்தோடு பின் செய்யப்பட்டுள்ளது.