ஓராண்டுக்குள் இணைய இணைப்பை விட்டு விலகினால் தண்டம் என்று செயலித் திரையில் வந்த 2,950 ரூபாயை மறுத்து ஒரு கடிதம்

பத்தமடை
12.09.2025

அனுப்புநர்
செ. மைதீன் பாத்து,
கோரைப்பாய்க் கடை,
பத்தமடை, சேரன்மகாதேவி வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
இணையச் சேவைக் கிளை அலுவலகம்,
திருநெல்வேலி.

பொருள்: இணைப்பு எண் 40718263. இணைப்பைத் துண்டிக்கக் கேட்டதற்கு விதித்த 2,950 ரூபாயை ரத்து செய்யவும், சேவை இல்லாத நாட்களின் வாடகையைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். பாய்க்கு ஆர்டர்கள் இப்போது வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. அதற்காகவே 08.02.2025 அன்று உங்களிடம் இணைப்பு வாங்கினேன். மாதம் 599 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 706 ரூபாய் 82 காசு. ஏழு மாதமும் தவணை தவறவில்லை. செப்டம்பர் 7 வரைக்கும் கட்டிவிட்டேன். வாடகையில் ஒரு ரூபாய் பாக்கி கிடையாது.

செப்டம்பர் 4 அன்று இணைப்பு வேண்டாம் என்று உங்கள் புகார் மையத்துக்குப் போன் செய்தேன். எடுத்துப் பேசிய பெண், 2,500 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் கட்டினால்தான் துண்டிக்க முடியும் என்றார். என்ன பணம் என்று கேட்டேன். “செயலியில் பாருங்கள், நீங்கள் ஒப்புக்கொண்டதுதான்” என்றார். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் சனிக்கிழமை வந்தபோது செயலியைத் திறந்து காட்டச் சொன்னேன். நான்கு திரை தள்ளிப்போய், பச்சைப் பொத்தானுக்குக் கீழே, எறும்பு ஊர்ந்தாற்போல் சாம்பல் நிறத்தில் இந்த ஒரு வரி இருந்தது:

```
Lock-in: 12 months. Early exit charge Rs 2500 + GST
```

பன்னிரண்டு மாதத்துக்குள் விலகினால் தண்டம் என்று அவள்தான் பொருள் சொன்னாள். நான் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டுவேன், பொருள் பிடிபடாது. அந்தச் செயலியில் தமிழைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறதா என்று இருவரும் அரைமணி நேரம் தேடினோம். இல்லை.

நான் ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் அந்த நாளில் நடந்தது இது. உங்கள் ஊழியர், நல்ல பிள்ளைதான், கம்பத்திலிருந்து ஒயரை இழுத்துச் சுவரில் பெட்டியை மாட்டிவிட்டு, தன் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். “உங்கள் போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள் அம்மா” என்றார். ஆறு இலக்கத்தையும் சொன்னேன். திரை அவர் கையில், எண் என் கையில். அந்தக் குறுஞ்செய்தியில் எண் மட்டுமே இருந்தது. பன்னிரண்டு மாதம் என்றோ தண்டம் என்றோ ஒரு சொல் இல்லை. அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இணைப்புக் கட்டணம் 1,000 ரூபாய்க்குக் கையால் எழுதிக் கொடுத்த ரசீதிலும் அது இல்லை.

அதற்கு முன் கடைத்தெருவில் நீங்கள் கொடுத்த துண்டுப் பிரசுரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வேகம், மாத வாடகை, “ரவுட்டர் இலவசம்” எல்லாம் கொட்டை எழுத்தில், பிழையில்லாத தமிழில். கூப்பிடுவதற்குத் தமிழ் தெரிந்த நிறுவனத்துக்கு, கட்டிப்போடும் இடத்தில் மட்டும் தமிழ் மறந்துபோனது எப்படி?

நானும் கடைக்காரிதான். பெட்டி மாட்டுவதற்கும் ஒயர் இழுப்பதற்கும் உங்களுக்குச் செலவு உண்டு என்பதை மறுக்கவில்லை. கல்யாணப் பாய்க்கு மாப்பிள்ளை பெண் பெயரை நெய்யச் சொல்லி எங்களிடம் வருவார்கள். பெயர் ஏறிய பாயை வேறு ஒருவருக்கு விற்க முடியாது. ஆகவே முன்பணம் வாங்குவதற்கு முன்பே, “நெய்ய ஆரம்பித்துவிட்டால் பணம் திரும்பாது” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். கேரளத்துக்காரர் வந்தால் எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் பணத்தைக் கையில் வாங்குவேன். நீங்கள் செய்ய வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

இனி, ஏன் விலகுகிறேன் என்பது. ஆனி பிறந்ததும் மேற்கேயிருந்து காற்று இறங்கும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். உங்கள் ஒயருக்குத் தெரியவில்லை. வாய்க்கால் ஓரத்துக் கம்பத்தில் தொட்டில் கயிறு மாதிரி தொங்கவிட்டிருக்கிறீர்கள். அறுந்து, கறுப்பு டேப் சுற்றி, அதே இடத்தில் மறுபடி அறுந்தது. பெட்டியில் LOS என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அன்றைக்கு நெட் இல்லை என்பது எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஜூன் 16 முதல் 20 வரை, ஜூலை 3 முதல் 10 வரை, ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 2 வரை, ஆகஸ்ட் 18 முதல் 20 வரை என மொத்தம் 23 நாள். நான்கு முறையும் புகார் செய்தேன். நீங்கள் அனுப்பிய புகார் எண்கள் போனில் அப்படியே இருக்கின்றன. நாளுக்கு 23 ரூபாய் 56 காசு வீதம் 541 ரூபாய் 88 காசு ஆகிறது. சேவை தர முடியாதவர், சேவையை விட்டு விலகியதற்குத் தண்டம் கேட்பது என்ன கணக்கு?

சட்டம் எனக்குக் கேள்வி அறிவுதான், ஆனாலும் விசாரித்துவிட்டே எழுதுகிறேன். இருவரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்றுக்கொண்டால்தான் அது சம்மதம் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு. நான் ஏற்றது மாத வாடகையை. நீங்கள் ஏற்றிக்கொண்டது ஓராண்டுக் கட்டுப்பாட்டை. அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகையைக் குறித்திருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. ஏழு மாதம் வாடகை வாங்கி, ரவுட்டரும் திரும்பக் கிடைக்கும்போது இழப்பு 2,500 ரூபாய் எப்படி வந்தது என்று கணக்குக் காட்டுங்கள். செயலிகளில் ஒரு தகவலைப் பளிச்சென்று காட்டி இன்னொன்றை மங்க வைப்பதும், முழு விலையை முதலிலேயே சொல்லாமல் மறைப்பதும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறி வெளியிட்டிருக்கிறது. பச்சைப் பொத்தானையும் சாம்பல் வரியையும் படம்பிடித்து இணைத்திருக்கிறேன். நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே 2,950 ரூபாயை முழுவதுமாக ரத்து செய்து, பாக்கி எதுவும் இல்லை என்று எழுத்தில் தாருங்கள். 541 ரூபாய் 88 காசைத் திருப்பி அனுப்புங்கள். ரவுட்டரையும் அதன் சார்ஜரையும் துடைத்து, பழைய பாய் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவேன். பணம் கட்டச் சொல்லி தினமும் இரண்டு முறை வரும் தானியங்கி அழைப்பையும் நிறுத்துங்கள். அதுவும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறது. இந்தக் கடிதத்துக்குப் பதில் தமிழில் வேண்டும்.

செப்டம்பர் 27-க்குள் பதில் இல்லையென்றால் உங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போவேன். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்வேன். அதற்கும் மேலே திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்றும், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை என்றும் சொல்கிறார்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். எனக்கு அலைச்சல் பெரிதில்லை.

இணைப்பு: துண்டுப் பிரசுரம், 1,000 ரூபாய் ரசீது, ஏழு மாதத் தவணை ரசீதுகள் ஆகியவற்றின் நகல், நான்கு புகார் எண்களும் செயலித் திரையும் கொண்ட படங்கள்.

இப்படிக்கு,
செ. மைதீன் பாத்து