போதாகும் நேரம்

சென்னை திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 14 தொட்டிகள். அவற்றில் 6 குண்டுமல்லி, 3 செம்பருத்தி, மீதி அந்திமந்தாரையும் நந்தியாவட்டையும். கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றிலேயே உப்பு வரும். கிழக்கு ஓரத்தில் வைத்த தொட்டிகளில் இலை நுனி எப்போதும் கொஞ்சம் தீய்ந்தே இருக்கும். அப்படியும் தை மாதத்தில் கவாத்து செய்துவிட்ட மல்லிச் செடிகள் பங்குனி வெயிலைக் கண்டதும் துளிர்த்துக் கிளம்பிவிட்டன. இப்போது ஒவ்வொரு துளிரின் நுனியிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அந்த 'ஏதோ ஒன்றை' என்ன சொல்லி அழைப்பது என்பதில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அக்காவுக்கு அது மொக்கு. எனக்குக் கூடுதலாகப் பூத்த நாட்களில் அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். முதல் நாளே சொல்லிவிட்டார்: "மொக்கா இருக்கும்போதே பறிச்சினு வா கண்ணு. வாய் வுட்டுச்சுன்னா கட்ட வராது." காலையில் கட்டிய மொக்கு சாயங்காலம் தலையில் இருக்கும்போது விரிய வேண்டும். அவர் பிழைப்பே அந்த ஏழெட்டு மணி நேரக் கணக்கில்தான் ஓடுகிறது. மொக்கு, வாய் விட்டது, விரிந்தது என்று மூன்று நிலை போதும் அவருக்கு. கை வைத்த உடனேயே எது எந்த நிலை என்று விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

செடியோடு காலை மாலை இருப்பவருக்கு மூன்று போதாது. தமிழிலும் மூன்றோடு நிற்கவில்லை.

முதலில் அரும்பு. இலைக்காம்பும் தண்டும் சேரும் இடத்திலோ துளிர் நுனியிலோ பச்சையாக, கடுகு அளவுக்கு ஒன்று தலைகாட்டும். இலையா பூவா என்று முதல் நாள் சொல்ல முடியாது. மல்லியில் ஒரு அடையாளம் உண்டு: அரும்பைச் சுற்றி நூல்போல மெல்லிய பச்சை முட்கள் நிற்கும், அவைதான் புல்லி. அந்த நூல்கள் தெரிந்தால் அது பூ. உதட்டுக்கு மேல் மீசை அரும்புகிறது, நெற்றியில் வியர்வை அரும்புகிறது என்று சொல்கிறோமே, அதே அரும்புதல்தான். இல்லாத இடத்தில் முதல்முறை தலைகாட்டுவது.

பழைய பாட்டுகளில் நனை என்று ஒரு சொல் வரும். அதுவும் அரும்பைத்தான் குறிக்கும். காலையில் பனி பட்டுப் பளபளக்கும் இளம் அரும்பைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சொல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பேச்சில் யாரும் சொல்வதில்லை, எனக்கு வருத்தம்தான்.

அரும்புப் பருவம்தான் ஆபத்தான பருவமும். போன சித்திரையில் லாரித் தண்ணீர் நான்கு நாள் வரவில்லை. வேறு வழியில்லாமல் போர் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ஐந்தாம் நாள் அரும்பெல்லாம் பழுப்பாகி, தொட்டதும் உதிர்ந்தது. இலைகள் தப்பின. அரும்பு மட்டும் தாங்கவில்லை. அன்றிலிருந்து அரிசி களைந்த தண்ணீரைக்கூட ஒரு வாளியில் பிடித்து வைக்கிறேன்.

அரும்பு பருத்தால் முகை. உள்ளே இதழ்கள் உருவாகிவிட்டன, ஆனால் இறுக மூடியிருக்கின்றன. மணமும் உள்ளேயே அடைபட்டிருக்கிறது. 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்று வள்ளுவர் (1274) சொல்வது இந்த நிலையைத்தான். அந்தக் குறளில் காதலி வெளியே காட்டாத புன்சிரிப்புக்கு முகையை உவமையாக்குகிறார். மொக்குள் என்றால் நீர்க்குமிழியும்கூட. குண்டுமல்லி முகையைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருத்தம் உடனே பிடிபடும்: பச்சை வடிந்து வெள்ளை ஏறி, உருண்டு திரண்டு, அழுத்தினால் உடைந்துவிடுமோ என்பதுபோல இருக்கும். தெருமுனை அக்காவின் 'மொக்கு' அந்த மொக்குளின் வீட்டுச் சொந்தம்தான் என்று நான் நம்புகிறேன். முகிழ், மொட்டு எல்லாம் ஏறக்குறைய இதே பருவம். அகராதிகளே ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருள் தருகின்றன, அதில் கோடு கிழிக்க நான் தயாரில்லை.

ஆனால் போது வேறு. அதை மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது. பூ விரியத் தொடங்கும் நிலைக்குப் போது என்றே தேவநேயப் பாவாணர் தனிப்பெயர் கொடுத்திருக்கிறார். இதைக் காண மல்லியைவிடச் செம்பருத்தி நல்லது, பெரிதாகத் தெரியும். முந்தின நாள் மாலை பார்த்தால், பச்சைப் புல்லியைப் பிளந்துகொண்டு சிவப்பு நுனி வெளியே வந்திருக்கும். ஐந்து இதழ்களும் ஒன்றின்மேல் ஒன்று சுற்றி, பிழிந்த ஈரத்துணிபோல ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கும். விடிகாலை ஐந்தரைக்குப் பார்க்கிறேன், முறுக்கு தளர்ந்திருக்கிறது. நுனியில் ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியே சூலகத் தண்டின் தலை தெரிகிறது. அது இன்னும் மலர் இல்லை, மொட்டும் இல்லை. அதுதான் போது. சங்கப் பாட்டில் 'பிணி அவிழ்தல்' என்று வரும். பிணி என்றால் கட்டு. அந்தக் கட்டு அவிழ்வதைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது இந்த அரை மணி நேரத்தில்தான்.

போது என்றால் பொழுதும்கூட. மலரும் நிலைக்கும் நேரத்துக்கும் ஒரே ஒலி அமைந்ததை நினைத்தபடி எத்தனையோ காலை மாடியில் நின்றிருக்கிறேன்.

'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்' என்ற குறளை (1227) பள்ளியில் மனப்பாடம் செய்தேன். பிரிவு வருத்தம் என்று ஆசிரியர் சொன்னார், எழுதிக்கொண்டேன். மல்லி வளர்த்த பிறகுதான் அதன் துல்லியம் புரிந்தது. செடியில் பல நாள் எடுத்துக்கொள்ளும் மூன்று நிலைகளை ஒரே பகலுக்குள் அடக்கிவிட்டார். மாலையில் விரியும் பூவைக் கவனித்த ஒருவர்தான் அப்படி எழுத முடியும். செம்பருத்தியை வைத்து அந்தக் குறளை எழுதியிருக்க முடியாது.

விரிந்தபின் மலர், அலர். நன்றாக அகன்று, இதழ்கள் பின்னே சாயும் நிலைக்கு அலர் என்ற சொல்லை நான் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஊரார் வாயில் பரவும் காதல் பேச்சுக்கும் அகப்பாடல்களில் அலர் என்றே பெயர். மூடி வைக்க முடியாமல் பரவுவது இரண்டுக்கும் பொது.

அதன்பிறகு உதிர்ந்து கிடப்பது வீ, வாடியது செம்மல். அவற்றுக்கு இந்த மாடி சரியான இடம் இல்லை. திருவொற்றியூர்க் கோயிலின் தலமரம் மகிழம். தரையில் உதிர்ந்த மகிழம்பூவைப் பொறுக்கிக் கோத்து வளர்ந்தவர்களுக்கு வீ என்ற சொல்லை விளக்கவே வேண்டாம். அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

இன்று மாலை மணி ஆறு. மேற்கே மெட்ரோ ரயில் போகிற சத்தம், கிழக்கிலிருந்து கடல்காற்று. மூன்றாம் தொட்டியில் காலையில் பறிக்காமல் விட்ட ஒரே ஒரு முகை இருக்கிறது. அக்காவிடம் 19 கொடுத்துவிட்டு இருபதாவதை எனக்கென்று வைத்துக்கொண்டேன். வெளி இதழ் ஒன்று மட்டும் மற்றதிலிருந்து நூலளவு விலகியிருக்கிறது. குனிந்து முகர்ந்தால் லேசாக வாசம் வருகிறது. மத்தியானம் வரவில்லை.