கதிருக்கு: டெலிவரி மெயில்ல அட்ரஸ் திருத்தம்

கதிர் தம்பி, "உங்க கருப்பட்டி பார்சல் வந்து சேர்ந்தாச்சு" மெயில் பாத்தேன். மேல இருக்கிற வரியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அட்ரஸ் வர்ற இடத்துல தான் கை வைக்கணும். டெஸ்ட் ஆர்டருக்கு எனக்கு வந்தது இது:

```
திரு. கோமதி ரா
பு.எண்.14, ப.எண்.7,,
தெரு மாட வீதி, ,
சென்னை, மயிலாப்பூர்,
தமிழ்நாடு 6,00,004,
கோயில் குளம் அருகில்
```

முதல்ல மூணாவது வரி. "தெரு மாட வீதி"ன்னு ஒரு தெரு மயிலாப்பூர்ல எங்கடா இருக்கு? ஆர்டர்ல போய் பாத்தா "தெ. மாட வீதி"ன்னு இருக்கு, நீ "தெ." வந்தா "தெரு"ன்னு மாத்த சொல்லி வச்சிருக்க, அது தெற்கு மாட வீதி. அதே கணக்குல "மே." மேற்காவும் இருக்கலாம், மேலத் தெருவாவும் இருக்கலாம், சிலர் மே/பா போடுறதுக்கும் எழுதுவாங்க. அதனால அந்த ஆட்டோ மாத்தல் மொத்தத்தையும் எடுத்துடு. தெரிஞ்சத கையால விரிச்சு எழுதலாம், தெரியாதத கஸ்டமர் எப்படி டைப் பண்ணாங்களோ அப்படியே விட்டுடணும். பார்சல் கொண்டு போறவருக்கு வழி சொல்ற மெயில் இல்ல இது, அவர் வேலை முடிஞ்சு போயாச்சு. "என் வீட்டுல தான் குடுத்தாங்களா"ன்னு கஸ்டமர் சரிபாக்குறதுக்கு, நாமளா ஊகிச்சு ஒண்ணு போட்டா அவங்க பயந்து போன் பண்ணுவாங்க.

"பு.எண்", "ப.எண்" கண்டிப்பா வேணாம். சென்னைல பாதி வீட்டுக்கு புது நம்பர் பழைய நம்பர் ரெண்டும் உண்டு, போன்ல சின்ன எழுத்துல பாத்தா பு-வும் ப-வும் ஒண்ணா தெரியுது, எனக்கே கண்ணாடி போட்டாதான் புரிஞ்சுது. முழுசா எழுது. 14/7ன்னு சுருக்கவும் கூடாது, ஃபிளாட் நம்பர்னு நினைச்சுடுவாங்க.

கமா விஷயம். ",," வர்றது காலி கட்டத்தால, ரெண்டாவது வரி போடாதவங்களுக்கும் கமா ஒட்டிடுது. இப்படி வச்சா போயிடும்னு நினைக்கிறேன், நீ செஞ்சு பாரு:

```
[line1, line2, landmark].filter(Boolean).join(",\n")
```

அப்புறம் அந்த 6,00,004! சிரிச்சு முடியல, ஆறு லட்சத்து நாலு ரூபாய்க்கு பில் போட்ட மாதிரி. பின்கோடு எண் இல்ல, எழுத்து மாதிரி வச்சுக்கோ, விலைக்கு போடுற ஃபார்மேட் அது மேல படக்கூடாது. ஆறு இலக்கமும் சேத்தே இருக்கட்டும், நடுவுல இடம் விட்டா காப்பி பண்ணி வேற ஃபார்ம்ல ஒட்டும்போது சில இடத்துல ஏத்துக்காது. ஊர் பேரும் பின்கோடும் ஒரே வரில, நடுவுல கோடு. வரி ஒடஞ்சு கோடு மட்டும் தனியா கீழ போகாம பாத்துக்கோ.

வரிசை: சின்ன இடத்துலேந்து பெரிய இடத்துக்கு, அதாவது வீடு, தெரு, ஏரியா, ஊர், மாநிலம். நீ சென்னைய மேல போட்டு மயிலாப்பூர கீழ போட்டிருக்க. அடையாளம் பின்கோடுக்கு அடியில தொங்குது, அது தெருவுக்கு அப்புறம் வரணும். "திரு." தூக்கிடு, கோமதிக்கு எதுக்கு திரு, யாருக்கும் வேணாம். இனிஷியல் முன்னாடி.

```
ரா. கோமதி,
புது எண் 14, பழைய எண் 7,
தெற்கு மாட வீதி,
கோயில் குளம் அருகில்,
மயிலாப்பூர்,
சென்னை – 600004,
தமிழ்நாடு.
```

ஊர்ப்பக்க அட்ரஸுக்கும் இதே தான், ஆனா அங்க (அ), (வ), (மா) வரும். (மா) மாவட்டம், அதுல சந்தேகமில்ல. (வ) மட்டும் வட்டமா வழியா தெரியாது. "திருச்செந்தூர் (வ), தூத்துக்குடி (மா)"ன்னா வட்டம்னு நமக்கு புரியும், தெரியாத ஊர்னா தொடாத. எம்.ஜி.ஆர். நகர், கே.கே. நகர், தி.நகர் இதெல்லாம் சுருக்கம் இல்ல, இப்போ அதுதான் பேரு, விரிக்காத.

கீழ நம்ம அட்ரஸ்ல "உடன்குடி - 628203" சரியா இருக்கு, அதுல மட்டும் சின்ன கோடு, மேல பெரிய கோடு, ஒண்ணாக்கிடு. மாத்திட்டு திரும்ப டெஸ்ட் அனுப்பு, ரெண்டாவது வரி காலியா ஒண்ணு, நீளமான கிராமத்து அட்ரஸ் ஒண்ணு, அம்மா போன்லயும் தொறந்து பாத்துடுறேன், அதுல தான் எழுத்து பெருசா வச்சிருக்காங்க, வரி ஒடையுதான்னு தெரிஞ்சுடும்.

– அக்கா